வெட்டிவேர் எண்ணெயில் ஐந்து ஐந்தாக எண்ணுவது

வெட்டிவேரிலிருந்து வடித்தெடுக்கும் எண்ணெயின் மணத்துக்குப் பங்களிக்கும் சேர்மங்களில் இரண்டின் பெயர்கள் ஆல்ஃபா-வெட்டிவோன், பீட்டா-வெட்டிவோன். இரண்டுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே: C15H22O. பதினைந்து கார்பன் என்றதும் கரிம வேதியியல் படித்த எவருக்கும் கை தானாகவே மூன்று ஐந்துகளைத் தேடத் தொடங்கிவிடும். தாவர எண்ணெய்களில் கிடைக்கும் டெர்பீன்களின் கார்பன் சட்டகம் ஐந்து கார்பன் கொண்ட ஐசோப்ரீன் துண்டுகளால் ஆனது என்பதுதான் நாம் வகுப்பில் கற்பிக்கும் ஐசோப்ரீன் விதி. ஆனால் வெட்டிவேரின் இந்த இரண்டு சேர்மங்களையும் அப்படி மூன்று துண்டுகளாக வெட்ட முடியாது. எந்தப் பக்கமிருந்து கோடு போட்டாலும் ஒரு கார்பன் தனியாக நிற்கும், அல்லது கிளையில்லாத ஐந்து கார்பன் சங்கிலி ஒன்று மிஞ்சும். இதைவிட வேடிக்கை, பீட்டா-வெட்டிவோனுக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வழங்கிவந்த தவறான அமைப்பு இந்த விதிக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. முதுகலை வகுப்புகளில் டெர்பீன் பாடம் எடுக்கும்போதெல்லாம் நான் இந்த எடுத்துக்காட்டுக்கே வந்து சேர்கிறேன். விதி எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை ஒரே எண்ணெய் காட்டிவிடுகிறது.

முதலில் வெட்டும் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஐசோப்ரீன் C5H8. இரட்டைப் பிணைப்புகளை மறந்துவிட்டுக் கார்பன்களை மட்டும் பார்த்தால், நான்கு கார்பன் கொண்ட ஒரு சங்கிலியும், அதன் இரண்டாவது கார்பனில் கிளையாக ஒரு மெத்திலும் இருக்கும். கிளை இருக்கும் பக்கத்து முனையைத் தலை என்றும், எதிர் முனையை வால் என்றும் சொல்வது வழக்கம். சில நூல்கள் இதைத் தலைகீழாகவும் சொல்லும். ஒரே கட்டுரைக்குள் மாற்றாதவரை பாதகமில்லை. ஒரு டெர்பீனின் படத்தை எடுத்துக்கொண்டு, இரட்டைப் பிணைப்பு, ஆக்சிஜன், வளையம் மூடும் பிணைப்பு ஆகிய எதையும் பொருட்படுத்தாமல், ஒவ்வொரு கார்பனும் ஏதாவது ஒரு துண்டில் ஒரே ஒரு முறை வரும்படி இந்தக் கிளைத்த ஐந்துகளாகப் பிரிக்க வேண்டும். எலுமிச்சைத் தோலின் லிமோனீனில் இது எளிது. வளையத்துக்கு வெளியே நிற்கும் மூன்று கார்பன் தொகுதியை அது ஒட்டியிருக்கும் வளையக் கார்பனோடும் அதற்கு அடுத்த கார்பனோடும் சேர்த்தால் ஒரு துண்டு ஆயிற்று. எதிர்ப்பக்கம் மெத்தில் ஒட்டிய கார்பனைச் சுற்றியுள்ள ஐந்தும் மற்றொரு துண்டு. ஒன்றின் வால் மற்றதன் தலையோடு இணைந்திருப்பதையும் அந்தப் படத்திலேயே காணலாம்.

ஐசோப்ரீன் என்ற பெயர் 1860-இல் வந்தது. ரப்பரைச் சூடாக்கிச் சிதைத்துக் கிடைத்த எளிதில் ஆவியாகும் திரவத்துக்கு கிரெவில் வில்லியம்ஸ் அந்தப் பெயரை வைத்தார். டர்பன்டைன் எண்ணெயைச் சூடான குழாய் வழியே செலுத்தி அதே பொருளை 1884-இல் டில்டன் பெற்றார். டெர்பீன்களை ஐசோப்ரீன் துண்டுகளின் சேர்க்கையாகப் பார்க்கலாம் என்ற எண்ணம் 1880களின் இறுதியில் ஓட்டோ வாலக்கின் ஆய்வுகளில் உருப்பெற்றது. எனினும் அதை அமைப்பைக் கண்டறியும் கருவியாக்கியவர் சூரிச்சில் பணியாற்றிய லெயோபோல்ட் ருஷிச்கா. 1920களின் தொடக்கத்தில் அவர் செய்த ஒரு வேலையை விரிவாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் வெட்டிவேர்ச் சிக்கலின் முடிச்சு அதற்குள்ளேயே இருக்கிறது.

யூகலிப்டஸ் இனங்கள் சிலவற்றின் எண்ணெயில் யூடெஸ்மால் என்ற ஆல்கஹால் உண்டு, வாய்பாடு C15H26O. நிறமாலைக் கருவிகள் இல்லாத காலம் அது. அமைப்பைக் காண ருஷிச்கா கையாண்ட வழி, பொருளைக் கந்தகத்தோடு சேர்த்து 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்குவது. கந்தகம் ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியேறும்; ஆறு கார்பன் வளையங்கள் பென்சீன் வகை வளையங்களாக மாறும். இரண்டு வளையங்கள் ஒட்டிய சட்டகமாக இருந்தால் விளைபொருள் ஒரு நாப்தலீன். நாப்தலீன்களைப் பிக்ரிக் அமிலத்தோடு சேர்த்துப் படிகமாக்கி, உருகுநிலை பார்த்து, ஆய்வகத்தில் தனியே தயாரித்த மாதிரியோடு கலந்து ஒப்பிட்டு உறுதிசெய்யலாம். இதே முறையில் காடினீன் என்ற டெர்பீன், C15H24, பதினைந்து கார்பனும் குறையாமல் C15H18 வாய்பாடு கொண்ட காடலீன் என்ற நாப்தலீனைத் தந்தது. யூடெஸ்மால் தந்ததோ C14H16. அதாவது ஒரு கார்பன் குறைவு. அந்த நாப்தலீனுக்கு யூடலீன் என்று பெயர். அதில் ஒரு மெத்தில் முதலாம் இடத்திலும், ஓர் ஐசோபுரோப்பைல் ஏழாம் இடத்திலும் இருப்பது தெரிந்தது.

குறைந்த அந்த ஒரு கார்பன் எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி. ஒரு கார்பன் ஏன் குறைய வேண்டும் என்பதற்கு விடை எளிது. பென்சீன் வகை வளையத்தில் உள்ள ஒரு கார்பனுக்கு வளையத்துக்கு வெளியே ஒரே ஒரு பிணைப்புக்குத்தான் இடமுண்டு. நான்கு பக்கமும் கார்பனால் அடைபட்ட ஒரு வளையக் கார்பன் அங்கே இருந்தால், அது தன் மேலிருக்கும் மெத்திலை உதறினால்தான் வளையம் நாப்தலீனாக முடியும். ஆகவே யூடெஸ்மாலில் அப்படி அடைபட்ட கார்பன் ஒன்று இருக்க வேண்டும். காடினீனில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் உதறப்பட்ட மெத்தில் சுவடே இல்லாமல் போய்விடுகிறது. மிஞ்சிய நாப்தலீனைப் பார்த்து அது இருந்த இடத்தைச் சொல்ல வழியில்லை. இங்கேதான் ருஷிச்கா விதியைத் துணைக்கு அழைத்தார்.

இதை வாசகரே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு அறுகோணங்கள் வரையுங்கள். இடது வளையத்தில் 1, 2, 3, 4, 5, 10 என்றும், வலது வளையத்தில் 5, 6, 7, 8, 9, 10 என்றும் எண்ணிட்டால், 5-உம் 10-உம் இரண்டு வளையங்களுக்கும் பொதுவான சந்திப்புக் கார்பன்கள் ஆகும். யூடலீன் தரும் செய்தியின்படி 4-இல் ஒரு மெத்தில், 7-இல் ஓர் ஐசோபுரோப்பைல். காணாமற்போன மெத்திலுக்கு இயல்பான இடங்கள் சந்திப்புக் கார்பன்களான 5 அல்லது 10.

முதலில் 10-இல் வைத்துப் பார்ப்போம். ஐசோபுரோப்பைலின் மூன்று கார்பன்களோடு 7, 8 சேர்ந்தால் ஒரு துண்டு. 4-ஐ நடுவாகக் கொண்டு அதன் மெத்தில், 3, 5, அதற்கப்பால் 6 ஆகியவை இரண்டாம் துண்டு. மீதியிருப்பவை 10, அதன் மெத்தில், 9, 1, 2. இதில் 10-தான் கிளைக்கும் இடம், 2 வால். மூன்றும் ஐசோப்ரீன் வடிவம்தான். இணைப்பும் ஒழுங்காக இருக்கிறது: முதல் துண்டின் வாலான 8, மூன்றாம் துண்டின் தலையான 9-ஐத் தொடுகிறது, அதன் வாலான 2, இரண்டாம் துண்டின் தலையான 3-ஐத் தொடுகிறது. மூன்று துண்டும் தலைக்கு வாலாகக் கோத்த ஒரே சங்கிலி கிடைத்துவிட்டது; மற்றப் பிணைப்புகள் அந்தச் சங்கிலி மடிந்து வளையம் மூடும்போது உண்டானவை.

இப்போது அதே மெத்திலை 5-க்கு மாற்றுங்கள். 4-உம் 5-உம் அடுத்தடுத்த கார்பன்கள். இரண்டிலும் மெத்தில் இருக்கிறது. 4-உம் 5-உம் வெவ்வேறு துண்டுகளில் இருந்தால், 4 இருக்கும் துண்டு அதன் மெத்தில், 4, 3, 2, 1 என்று நேர்கோடாகவே போக முடியும்; கிளைக்க இடமில்லை. ஆகவே இரண்டும் ஒரே துண்டில் இருந்தாக வேண்டும். அப்படியானால் இரண்டு மெத்தில்களும் அதே துண்டுக்குள் வந்து நான்கு இடத்தை நிரப்பிவிடும். ஐந்தாவதாக 3, 6, 10 ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் சேர்க்க முடியும். எதைச் சேர்த்தாலும், ஐசோபுரோப்பைல் துண்டுக்கு உரியவை போக எஞ்சும் ஐந்து கார்பன்கள் நேர்சங்கிலியாக நிற்கும் அல்லது இரண்டாக உடைந்து கிடக்கும். மெத்தில் 5-இல் இருக்க விதி இடம் தரவில்லை. ஆக, விதிப்படி அது 10-இல் இருக்க வேண்டும். பிற்கால ஆய்வுகள் எல்லாம் இதை உறுதிப்படுத்தின.

ஒரு நுணுக்கத்தை விட்டுவிடக் கூடாது. காணாமற்போன மெத்தில் சந்திப்பில் இல்லாமல் 4-ஆம் கார்பனிலேயே இரண்டாவது மெத்திலாக இருந்திருந்தாலும் கந்தகச் சூட்டில் அது உதிர்ந்திருக்கும். அந்த அமைப்பை ஐந்து ஐந்தாக வெட்டவும் முடியும். ஆனால் வெட்டிப் பார்த்தால் இரண்டு துண்டுகளின் வால்கள் நடுத்துண்டு ஒன்றின் தலைப்பக்கத்திலேயே வந்து மோதும். மூன்றும் ஒரே சங்கிலியாகக் கோக்கப்படாது. மாணவர்கள் பலர் துண்டு கிடைத்தவுடன் திருப்தியடைந்து இணைப்பைச் சரிபார்க்காமல் விடுவதைப் பார்க்கிறேன். துண்டுகளாகப் பிரிவது விதியின் பாதிதான். தலைக்கு வால் என்ற ஒழுங்கே தேர்வைக் கடுமையாக்குகிறது. அது இல்லாவிட்டால் விதி மிகப் பல அமைப்புகளை அனுமதித்துவிடும்.

இந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்பது பின்னாளில் உயிர்வேதியியல் சொன்ன விடை. செல்லுக்குள் ஐசோப்ரீன் என்ற அந்தத் திரவம் கட்டுமானப் பொருளே அல்ல. ஐசோபென்டெனைல் டைஃபாஸ்பேட், டைமெத்தில்அல்லைல் டைஃபாஸ்பேட் என்ற இரண்டு ஐந்து கார்பன் சேர்மங்கள்தான் வேலை செய்கின்றன. பின்னது தன் வால்முனையில் இருக்கும் ஃபாஸ்பேட்டை உதறும்போது, மெத்தில் கிளைக்கு எதிர்முனையான அந்த வாலில் நேர்மின்னேற்றம் தோன்றுகிறது. முன்னதன் தலைப்பக்கத்து இரட்டைப் பிணைப்பு அந்த வாலைப் பற்றிக்கொள்கிறது. இப்படி ஒரு முறை சேர்ந்தால் பத்து கார்பன். புதிதாகச் சேர்ந்த துண்டின் வாலில் மறுபடி ஒரு ஃபாஸ்பேட் காத்திருப்பதால் அதே வினை இன்னொரு முறை நடந்து பதினைந்து கார்பன் கொண்ட ஃபார்னெசைல் டைஃபாஸ்பேட் உருவாகிறது. ஆகவே தலைக்கு வால் என்பது இயற்கையின் அழகுணர்ச்சி அல்ல, ஒரே வினை திரும்பத் திரும்ப நடப்பதன் விளைவு. முப்பது கார்பன் கொண்ட ஸ்குவாலீனில் இரண்டு ஃபார்னெசைல்கள் வாலுக்கு வாலாகச் சேர்வதால் அதன் நடுவில் மட்டும் ஒழுங்கு திரும்பிவிடும். அதைப் படத்தில் எளிதாகக் கண்டுகொள்ளலாம்.

இனி வெட்டிவேருக்கு வருவோம். கடலூர்ப் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் பயிராகும் அதே வேர்தான். கோடையில் பானைத் தண்ணீரில் போட்டு வைப்பதும் அதுவே. அதன் எண்ணெயில் பெரும்பகுதி பதினைந்து கார்பன் சேர்மங்கள் என்பதால் எளிதில் ஆவியாகாது. நீராவியில் நெடுநேரம் வடிக்க வேண்டும். ஆல்ஃபா-வெட்டிவோனின் சட்டகத்தை மேலே போட்ட படத்தின் எண்களிலேயே சொல்லிவிடலாம்: 7-இல் மூன்று கார்பன் தொகுதி, 4-இல் ஒரு மெத்தில், 5-இல் ஒரு மெத்தில். ஆம், சற்று முன் விதியைக் காட்டி நாம் தள்ளிவிட்ட அமைப்பேதான். யூடெஸ்மாலுக்கு அது பொருந்தாது என்று சொன்னது சரி; இயற்கையில் அது இருக்கவே முடியாது என்று யாராவது முடிவு செய்திருந்தால் அது தவறு.

இந்தச் சட்டகம் முதலில் தலைகாட்டியது வெட்டிவேரில் அல்ல. ஆஸ்திரேலியாவின் எரெமோஃபிலா மரத்திலிருந்து கிடைத்த எரெமோஃபிலோன் என்ற கீட்டோனை 1930களில் பென்ஃபோல்டும் சைமன்சனும் ஆராய்ந்தபோது, விதிக்கு அடங்காத இந்த அமைப்பு வெளிப்பட்டது. அமைப்பைச் சந்தேகிப்பதா, விதியைச் சந்தேகிப்பதா என்ற நிலையில் ராபர்ட் ராபின்சன் மூன்றாவது வழியைச் சொன்னார்: முதலில் விதிக்கு உட்பட்ட, யூடெஸ்மால் வகைச் சட்டகமே உருவாகிறது, பிறகு 10-இல் இருக்கும் மெத்தில் பக்கத்துக் கார்பனான 5-க்கு நகர்ந்துவிடுகிறது. பிணைப்பு ஒன்றின் இடம் மட்டுமே மாறுகிறது. கார்பன் எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் ஐந்து ஐந்தாக எண்ணுவது அத்தோடு கெட்டுவிடுகிறது.

இந்த நகர்வு எப்படி நடக்கும் என்பதை இன்றைய மொழியில் சொன்னால், யூடெஸ்மால் வகைச் சட்டகத்தில் 5-ஆம் கார்பனில் நேர்மின்னேற்றம் வந்து நிற்கும் ஒரு கட்டம் உண்டு. அந்த வெற்றிடத்தை நிரப்ப அடுத்த வீட்டுக்காரரான 10-இல் இருந்து ஏதாவது ஒன்று பெயர்ந்து வர வேண்டும். மெத்தில் பெயர்ந்தால் ஆல்ஃபா-வெட்டிவோனின் சட்டகம் கிடைக்கும். மெத்திலுக்குப் பதிலாக வளையத்தின் பகுதியான 9-ஆம் கார்பன் 10-ஐ விட்டு 5-ஐப் பற்றினால் என்ன ஆகும் என்று படத்தில் போட்டுப் பாருங்கள். வலது வளையம் 5, 6, 7, 8, 9 என்ற ஐந்து கார்பன் வளையமாகச் சுருங்கும். இடது வளையம் ஆறாகவே இருக்கும். இரண்டும் ஒரு பக்கத்தைப் பகிராமல் 5 என்ற ஒரே புள்ளியில் குறுக்காக ஒட்டி நிற்கும். இப்படி ஒற்றைக் கார்பனில் இணையும் வளையங்களை ஸ்பைரோ என்கிறோம். அந்தப் புள்ளியின் இருபுறமும் 4-இலும் 10-இலும் ஒவ்வொரு மெத்தில். பீட்டா-வெட்டிவோனின் சட்டகம் இதுதான். ஒரே எண்ணெயில் இருக்கும் இரண்டு கீட்டோன்களையும் ஒரே நேர்மின் இடைநிலையின் இரண்டு முடிவுகளாகக் காணலாம்.

வெட்டிவேருக்கு வெளியே இந்தப் பிரிவு நொதிகள் அளவிலேயே காட்டப்பட்டிருக்கிறது. புகையிலையின் ஒரு நொதி ஃபார்னெசைல் டைஃபாஸ்பேட்டை மடித்து மெத்திலை நகர்த்துகிறது. ஹயோசியாமஸ் என்ற செடியின் நொதி ஏறக்குறைய அதே வழியில் சென்று கடைசியில் வளையத்தைச் சுருக்குகிறது. 1996-இல் ஜோ சாப்பலின் ஆய்வகம் இந்த இரண்டு நொதிகளின் பகுதிகளை மாற்றி ஒட்டி, எந்தப் பகுதி எந்த முடிவைத் தீர்மானிக்கிறது என்று காட்டியது.

பீட்டா-வெட்டிவோனின் கதைக்குத் திரும்பினால், 1930களின் இறுதியில் ஃபாவும் பிளாட்னரும் அதை ஆராய்ந்தபோது கையாண்டதும் பழைய வழிதான்: ஹைட்ரஜனை நீக்கிச் சட்டகத்தை வெளிக்கொணர்வது. விளைபொருளாக வந்தது வெட்டிவசுலீன். அசுலீன்கள் என்பவை ஐந்து கார்பன் வளையமும் ஏழு கார்பன் வளையமும் ஒரு பக்கத்தைப் பகிர்ந்து நிற்கும் நிறமுள்ள சேர்மங்கள். அதனால் மூலப்பொருளிலும் ஐந்தும் ஏழுமாக வளையங்கள் இருக்க வேண்டும் என்று கொண்டார்கள். அந்த அமைப்பை நான் பலமுறை வெட்டிப் பார்த்திருக்கிறேன். ஐந்து வளையத்தில் நிற்கும் ஐசோபுரோப்பைலோடு ஒரு துண்டு, ஏழு வளையத்தின் இரண்டு மெத்தில்களைச் சுற்றி ஒவ்வொரு துண்டு, மூன்றும் தலைக்கு வாலாகக் கோத்தவை. குறையே சொல்ல முடியாது. விதியின் பக்கமிருந்து ஒரு எதிர்ப்பும் எழ வாய்ப்பில்லாத அமைப்பு அது.

1960களின் இறுதியில் ஜேம்ஸ் மார்ஷலும் அவருடைய மாணவர்களும் தொகுப்பு முறையில் இதைச் சோதித்து, பீட்டா-வெட்டிவோன் ஸ்பைரோ அமைப்புடையது என்று நிறுவினார்கள். ஐந்தும் ஏழுமான வளையங்கள் மூலப்பொருளில் இருக்கவில்லை. உயர்ந்த சூட்டில் ஹைட்ரஜனை நீக்கும்போது ஸ்பைரோ புள்ளியில் ஒரு பிணைப்பு பெயர்ந்து ஆறு வளையம் ஏழாக விரிந்திருக்கிறது. சட்டகத்தைக் காட்டும் என்று நம்பிய வினையே சட்டகத்தை மாற்றிவிட்டது. யூடலீன் விஷயத்தில் கந்தகச் சூடு ஒரு மெத்திலைத்தான் தின்றது. இங்கே வளையத்தையே திருத்தி எழுதிவிட்டது. இரண்டுக்கும் ஒரே வகை வினை, ஒரே வகைத் தர்க்கம். ஆகவே விதிக்குப் பொருந்துகிறது என்பது ஓர் அமைப்புக்குச் சான்றாகாது என்பதை நான் இந்த ஓர் எடுத்துக்காட்டாலேயே சொல்லிவிடுவேன். வேறு சான்றுகள் இரண்டு மூன்று அமைப்புகளை மிச்சம் வைத்திருக்கும்போது அவற்றுள் எதை முதலில் சோதிப்பது என்று சொல்வதே அதன் வேலை.

ருஷிச்காவும் இதை உணர்ந்தவர். முப்பது கார்பன் கொண்ட லானோஸ்டீராலின் அமைப்பு 1950களின் தொடக்கத்தில் தெளிவானபோது, அதில் மெத்தில்கள் நிற்கும் இடங்கள் நேரடி வெட்டுக்கு அடங்கவில்லை. 1953-இல் அவர் விதியையே மாற்றி எழுதினார். சட்டகம் ஐந்து ஐந்தாக வெட்டுப்பட வேண்டும் என்ற நிபந்தனை போய்விட்டது. அதற்குப் பதிலாக ஜெரானியால், ஃபார்னெசால், ஸ்குவாலீன் போன்ற ஒழுங்கான சங்கிலிகளில் ஒன்றிலிருந்து தொடங்கி, வினைவழி முறையில் ஏற்கத்தக்க வளைய மூடல்கள், நகர்வுகள் ஆகியவற்றின் மூலம் அந்தச் சட்டகத்தை அடைய முடிய வேண்டும் என்பது புது நிபந்தனை. உயிர்த்தோற்ற ஐசோப்ரீன் விதி என்று இதைச் சொல்கிறோம். ஆல்ஃபா-வெட்டிவோன் பழைய விதியை மீறுகிறது, புதிய விதிக்கு அடங்குகிறது.

புதிய விதியில் ஓர் அபாயமும் இருக்கிறது. போதுமான நகர்வுகளை அனுமதித்துவிட்டால் எந்தச் சட்டகத்தையும் எங்கிருந்தும் வரவழைத்துவிடலாம். எனவே ஒரு நகர்வு நடந்தது என்று சொன்னால் அதற்குத் தனிச் சான்று வேண்டும். அந்தச் சான்று கிடைக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இரண்டு கார்பனும் கார்பன்-13 ஆக இருக்கும் அசிட்டேட்டைச் செடிக்கோ பூஞ்சைக்கோ கொடுக்கிறார்கள். மெவலோனிக் அமில வழியில் ஐந்து கார்பன் துண்டு உருவாகும்போது, கிளைக்கும் கார்பனும் அதன் மெத்திலும் ஒரே அசிட்டேட்டிலிருந்து ஜோடியாக வருகின்றன. ஜோடி பிரியாமல் இருந்தால் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையில் அந்த இரண்டு கார்பன்களும் ஒன்றையொன்று பாதித்து, ஒவ்வொன்றின் கோட்டுக்கும் இருபுறமும் துணைக்கோடுகள் தோன்றும். மெத்தில் பக்கத்துக் கார்பனுக்கு நகர்ந்திருந்தால் ஜோடி உடைந்துவிடும். அந்த இரண்டு கார்பன்களும் செறிவாகத் தெரியும், ஆனால் துணைக்கோடுகள் இருக்காது. பூஞ்சை தாக்கும்போது குடைமிளகாய் உண்டாக்கும் கேப்சிடியால் என்ற சேர்மம் ஆல்ஃபா-வெட்டிவோனின் சட்டகத்தையே உடையது. அதில் மெத்தில் நகர்வு நடந்திருப்பது 1970களில் இந்த முறையில் காட்டப்பட்டது. ராபின்சன் தாளில் போட்ட அம்புக்குறிக்கு இப்படி ஒரு நேரடிச் சான்று வர நாற்பது ஆண்டுகளுக்கு நெருக்கமாக ஆயிற்று.

நகர்வு ஒரு வகைச் சிக்கல். கார்பனே குறைந்துபோவது இன்னொரு வகை. முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் வாய்பாடு C12H22O. பன்னிரண்டு ஐந்தால் வகுபடாது என்று அதை டெர்பீன் கணக்கிலிருந்து ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் அதன் படத்தை நம்முடைய எண்களில் போட்டால், இரண்டு ஆறு கார்பன் வளையங்கள், 4-இல் ஒரு மெத்தில், சந்திப்பான 10-இல் ஒரு மெத்தில், மறு சந்திப்பான 5-இல் ஹைட்ராக்சில். யூடெஸ்மாலின் சட்டகத்தில் 7-இல் இருக்கும் ஐசோபுரோப்பைலை மட்டும் அகற்றினால் இதுவே வரும். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவில் ஒரே நொதி ஃபார்னெசைல் டைஃபாஸ்பேட்டை எடுத்துக்கொண்டு ஜியோஸ்மின் வரை கொண்டுபோகிறது என்பதையும், இடையில் அந்த மூன்று கார்பன்கள் அசிட்டோனாக வெளியேறுகின்றன என்பதையும் டேவிட் கேனின் ஆய்வகம் காட்டியது.

ஆகவே பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என்று வகுபடாத எண் வந்தால் நான் மாணவர்களிடம் முதலில் மெத்தில்களின் இடத்தைப் பார்க்கச் சொல்வேன். வளையச் சந்திப்பில் ஒரு மெத்தில், அதற்கு எதிர்ச் சந்திப்பை அடுத்த கார்பனில் இன்னொரு மெத்தில் என்று இருந்தால், 7-இல் மூன்று கார்பன்களைப் பென்சிலால் மெல்லிதாகப் போட்டுவிட்டு, பிறகு வெட்டிப் பார்க்க வேண்டும். ஜியோஸ்மினில் அப்படிச் செய்தால் யூடெஸ்மாலுக்குப் போட்ட அதே மூன்று துண்டுகள் கிடைக்கும். முதல் துண்டில் மட்டும் 7-உம் 8-உம் மையில் இருக்க, மற்ற மூன்றும் பென்சிலில் இருக்கும்.